ஸ்லைடுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே

பவர்பாயிண்டில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் அடியில் ஒரு வெள்ளைப் பெட்டி உண்டு. பேசுகிறவர் தன் நினைவுக்காக எழுதிக்கொள்ளும் குறிப்புகளுக்கான இடம் அது. அதைத் திறந்து பார்த்தால் முழு வாக்கியம் அபூர்வமாகத்தான் கிடைக்கும். ‘இரவுக் கடி. வலி இல்லை. வயிறு. இமை’ என்பதுபோல நாலு சொல் கிடக்கும். எழுதியவருக்கு அது போதும். அதே ஸ்லைடுகளை வைத்து வேறொருவர் பேச வேண்டி வரும்போதுதான் தகராறு. அப்போது இந்தக் குறிப்புகளைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஓடுகிற ஓர் உரையாக எழுதித் தர வேண்டியிருக்கிறது.

பாம்புக்கடி பற்றிய ஒரு பேச்சை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஒருவர் ஒன்பது ஸ்லைடுகள் தயாரித்துப் பல ஊர்களில் பேசியிருக்கிறார். இப்போது கிராம சுகாதாரச் செவிலியர் அதையே வேறு ஊர்களில் பேசப் போகிறார். ஸ்லைடுகளின் வரிசை இது: தலைப்பு, நான்கு நச்சுப்பாம்புகளின் படம், அறிகுறிகள், முதலுதவி, செய்யக் கூடாதவை, மருத்துவமனையில் நடப்பது, வருமுன் காத்தல், வடநெம்மேலி இருளர் சங்கம், கடைசியாக 108 என்ற எண்.

முதல் வேலை, குறிப்புகளை வெளியே எடுப்பது. விண்டோஸ் கணினியின் பவர்பாயிண்டில் File → Export → Create Handouts என்று போனால், ஸ்லைடும் குறிப்புமாக எல்லாம் வேர்ட் கோப்பாக வந்துவிடும். அதைத் தாளில் எடுத்துப் பார்த்ததும் கண்ணில் படுவது வெற்றிடங்கள். நமது உதாரணத்தில் இரண்டாம் ஸ்லைடுக்குக் குறிப்பே இல்லை. படத்தைக் காட்டினால் மருத்துவருக்குப் பேச்சு தானாக வரும், எழுதி வைக்கத் தேவைப்படவில்லை. செவிலியருக்கு அங்கே பேச எதுவும் இல்லை. இப்படிப்பட்ட இடங்களை நாமே ஊகித்து நிரப்பக் கூடாது. மருத்துவரைப் பேசச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்து, அதிலிருந்து எழுதுவதுதான் சரி.

அடுத்தது, துண்டுகளை வாக்கியமாக்குவது. குறிப்புகளில் வினைச்சொல் இருப்பதில்லை. யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்பதும் இருப்பதில்லை. நான்காம் ஸ்லைடின் குறிப்பு ‘அமைதி. அசைவு. சிம்பு. மோதிரம்’ என்று இருந்தது என்றால், பேச்சில் அது இப்படி ஆகும்: “கடிபட்டவர் பதறக் கூடாது, நடக்கக் கூடாது. எலும்பு முறிஞ்சா குச்சி வச்சுக் கட்டுவோம்ல, அதே மாதிரி கடிபட்ட கையையோ காலையோ அசையாம வைக்கணும். மோதிரம், மெட்டி, கொலுசு எல்லாத்தையும் வீங்கறதுக்கு முன்னாடியே கழட்டிடணும்.” கடைசி வாக்கியத்தில் உள்ள ‘வீங்குவதற்கு முன்’ என்ற காரணம் குறிப்பில் இல்லை. மருத்துவரின் தலைக்குள் இருந்தது. காரணத்தைச் சேர்த்தால்தான் கேட்கிறவர் மோதிரத்தைக் கழற்றுவார்.

இந்த உரையைப் பேச்சு நடையில்தான் எழுத வேண்டும் என்பது என் கட்சி. எழுத்து நடையில் எழுதி, மேடையில் பேச்சு நடைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பழகியவருக்கு அது முடியும். மற்றவர்கள் மூன்றாம் வாக்கியத்திலேயே ‘கழற்றிவிட வேண்டும்’ என்று வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். கூட்டம் கைப்பேசியை எடுத்துவிடும்.

இனி இந்த வேலையின் கடினமான பகுதி. ஒன்பது ஸ்லைடு என்றால் நடுவில் எட்டு இணைப்பு. குறிப்புகளில் இவற்றுக்கு இடமே இல்லை, ஏனென்றால் குறிப்புப் பெட்டி ஒவ்வொன்றும் ஒரு ஸ்லைடுக்குச் சொந்தமானது. இரண்டு ஸ்லைடுகளுக்கு நடுவே எழுத மென்பொருளில் பெட்டி கிடையாது. அதனால்தான் பேசுகிறவர்கள் அங்கே வந்ததும் ‘அடுத்ததாக’ என்று சொல்லிவிட்டு பட்டனை அழுத்துகிறார்கள். ‘அடுத்ததாக’ என்பது வரிசையைத்தான் சொல்கிறது. இதற்குப் பின் ஏன் அது என்பதைச் சொல்வதில்லை.

இரண்டாம் ஸ்லைடிலிருந்து மூன்றாவதற்குப் போவதை எடுத்துக்கொள்வோம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கையும் பார்த்தாயிற்று. அடுத்து அறிகுறிகள். இந்த நேரத்தில் கேட்கிறவர் மனதில் என்ன ஓடும்? ‘இருட்டுல கடிச்சா எதுன்னு எப்படித் தெரியும்? அடிச்சுக் கொண்டுபோய்க் காட்டணுமோ?’ இணைப்பு அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. “கடிச்சது எந்தப் பாம்புன்னு தெரியலையா? தேடிப் போகாதீங்க, அடிக்கப் போய் இன்னொருத்தரும் கடிபட வேண்டாம். நம்ம நாட்டு விஷமுறிவு மருந்து இந்த நாலுக்கும் சேர்த்துத் தயாரிச்சது. எது கடிச்சதுன்னு டாக்டருக்கு உங்க உடம்பே சொல்லும். எப்படிச் சொல்லும்?” இங்கே க்ளிக். அறிகுறிகள் திரையில் வரும்போது, அவை ஒரு கேள்விக்குப் பதிலாக வருகின்றன.

க்ளிக் எங்கே விழுகிறது என்பதைக் கவனியுங்கள். கேள்விக்குப் பின், பதிலுக்கு முன். பலரும் முதலில் அழுத்திவிட்டுப் பிறகுதான் இணைப்பைப் பேசுவார்கள். புது ஸ்லைடு வந்த கணமே கூட்டம் அதைப் படிக்கத் தொடங்கிவிடும், பழைய ஸ்லைடைப் பற்றிப் பேசுகிறவரின் குரல் காதில் ஏறாது. ஆகவே உரையில் க்ளிக் வரும் இடத்தைக் கட்டாயம் குறிக்க வேண்டும், அதுவும் எண்ணோடு. ஒரே ஸ்லைடில் நான்கு வரிகள் ஒவ்வொன்றாகத் தோன்றும்படி அமைத்திருந்தால் அவையும் க்ளிக்குகளே. ஒன்பது ஸ்லைடு, க்ளிக்கோ பன்னிரண்டு என்று ஆகும். எண் போடாவிட்டால் பாதியில் திரையும் பேச்சும் ஆளுக்கொரு பக்கம் போய்விடும்.

மூன்றிலிருந்து நான்குக்கு: கட்டுவிரியன் கடி பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருப்பவர்களுக்கு நேர்கிறது. வலியோ வீக்கமோ அநேகமாக இருக்காது. விடியற்காலை வயிறு வலிக்கிறது என்பார், பிறகு இமை தொங்கும், மூச்சு விடச் சிரமப்படுவார். இதைச் சொல்லி முடித்ததும், “அப்போ அறிகுறி வரட்டும், பார்த்துக்கிட்டுப் போவோம்னு இருக்கலாமா?” க்ளிக். “கூடாது. கிளம்பணும். கிளம்பறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது இவ்வளவுதான்.” முதலுதவி ஸ்லைடு திரையில் நிற்கிறது.

நான்கிலிருந்து ஐந்துக்கு வார்த்தையே வேண்டாம். செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும் ஒரே சிந்தனையின் இரண்டு பாதிகள். சற்று நிறுத்தி, க்ளிக் செய்து, “இறுக்கிக் கட்டாதீங்க. கீறாதீங்க. வாய் வச்சு உறியாதீங்க” என்று நேரே போய்விடலாம். எல்லா இடத்திலும் கேள்வி கேட்டு இணைத்தால் பேச்சு வினாடி வினா ஆகிவிடும். உரையில் அந்த இடத்தில் ‘மௌனம்’ என்று எழுதினால் போதும்.

ஏழிலிருந்து எட்டுக்குத்தான் இணைப்பு வரவே இல்லை. வருமுன் காத்தல் பற்றிச் சொல்லிவிட்டு இருளர் சங்கத்துக்குப் போவதற்கு ‘இன்னொரு சுவையான தகவல்’ என்பதைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. எழுத முடியாத இணைப்பு பெரும்பாலும் வரிசையின் கோளாறு. எட்டைத் தூக்கி ஏழுக்கு முன்னால் வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் தானாக ஒட்டிக்கொள்கிறது. ஆறாம் ஸ்லைடு விஷமுறிவு மருந்தில் முடிகிறது. “இந்த மருந்தைச் செய்யவே பாம்பு விஷம் வேணும். அது எங்கேயிருந்து வருது?” க்ளிக். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அங்கே பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அதிலிருந்து ஏழுக்கு: “பாம்பைத் தேடிப் போறவங்க எலி வளையைத்தான் முதல்ல பார்ப்பாங்க. அப்போ நம்ம வீட்டைச் சுத்தி எலி எங்கே இருக்கு?” க்ளிக். விறகுக் குவியல், சிந்திய தானியம், கொசுவலை, இரவில் டார்ச் எல்லாம் அந்தக் கேள்வியின் பின்னால் வந்துவிடும்.

வரிசையை மாற்றினால் ஒன்று கவனிக்க வேண்டும். ‘முன்பு பார்த்தபடி’, ‘பிறகு சொல்கிறேன்’ போன்ற சொற்கள் குறிப்புகளில் இருந்தால் அவை இப்போது பொய்யாகியிருக்கும். தேடித் திருத்துங்கள்.

நேரக் கணக்குக்கு ஆங்கிலப் பயிற்சி நூல்கள் தரும் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற அளவை நம்ப வேண்டாம். ‘கழட்டிக்கிட்டிருக்கறப்போ’ என்பதும் நமக்கு ஒரு சொல்தான். பேசப் போகிறவரையே ஒரு நிமிடம் உரக்க வாசிக்கச் சொல்லி, எவ்வளவு தூரம் போகிறார் என்று பார்த்துப் பெருக்கிக்கொள்வதே நம்பகமானது. நிறுத்தங்களுக்கும் கூட்டத்தின் கேள்விகளுக்கும் தனியாக நேரம் விட வேண்டும்.

அச்சிடும்போது ஒரு ஸ்லைடுக்கு ஒரு பக்கம் என்று பிரிப்பதே வழக்கம். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் அப்படிப் பிரித்தால் இணைப்பு வாக்கியத்தின் கேள்வி ஒரு பக்கத்தின் அடியிலும் பதில் அடுத்த பக்கத்தின் தலையிலுமாகப் போய்விடும். பேச்சு மிகவும் ஓட வேண்டிய இடத்தில் பேசுகிறவர் தாள் புரட்டிக்கொண்டிருப்பார். ஸ்லைடின் நடுவில், ஒரு வாக்கியம் முடிந்த இடத்தில் பக்கத்தை உடையுங்கள். இணைப்பும் க்ளிக் குறியும் எப்போதும் பக்கத்தின் நடுவே விழட்டும்.

இந்த வேலையில் உண்மையான ஆபத்து ஒன்று உண்டு. இணைப்பு வாக்கியம் ஸ்லைடில் இல்லாத ஒரு கூற்றைப் புதிதாக உண்டாக்கிவிடும். ஆறாம் ஸ்லைடில் 20 நிமிடச் சோதனை வருகிறது: ரத்தத்தைச் சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஆட்டாமல் 20 நிமிடம் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பது. உறையாமல் ஓடினால் விஷம் ரத்தத்தைத் தாக்கியிருக்கிறது. அதன் கீழே ‘விஷ அறிகுறி இருந்தால்தான் மருந்து’ என்று இன்னொரு வரி. இரண்டும் சரியான வரிகள். உரை எழுதுகிறவர் ஓட்டத்துக்காக, “ரத்தம் உறைஞ்சிடுச்சா? அப்போ விஷம் ஏறலை, மருந்து தேவையில்லை” என்று இணைத்துவிட்டால் ஆளைக் கொல்லும் தவறு. கட்டுவிரியன், நாக விஷங்கள் நரம்பைத் தாக்குபவை. அந்தக் கடியில் ரத்தம் சாதாரணமாக உறையும், மூச்சு நின்றுவிடும். சரியான இணைப்பு இது: “உறைஞ்சிடுச்சுன்னாலும் வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. கண்ணையும் மூச்சையும் மணிக்கணக்கா கவனிப்பாங்க. ஊசி போடலையேன்னு சண்டைக்குப் போகாதீங்க.”

ஆகவே உரை முடிந்ததும், குறிப்புகளிலிருந்து வந்த வாக்கியங்களை விட்டுவிட்டு, நீங்கள் எழுதிய எட்டு இணைப்புகளையும் புதிதாகச் சேர்த்த காரணங்களையும் மட்டும் தனித்தாளில் எடுத்து, ஸ்லைடுகளைத் தயாரித்தவரிடம் கொடுங்கள். அவர் ஒப்புக்கொண்ட பிறகே செவிலியர் கையில் உரை போக வேண்டும்.