ஒரே நிறச் சட்டை

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் தையற்காரருக்குக் கை ஓயாது. தாய்மாருக்குக் கணக்கு ஓயாது. பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கையில், எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள் தயங்கித் தயங்கி முன்பணம் கேட்டாள்.

"பெரியவ ஒம்பதாவது போறாம்மா. போன வருஷம் வரைக்கும் ஸ்கூல்லயே துணி குடுத்தாங்க. இனிமே நாமதான் எடுக்கணும். ரெண்டு செட்டாவது வேணுமே!"

தனியார் பள்ளியில் படிக்கும் என் மகனுக்காக அன்று காலைதான் நானும் கணக்குப் போட்டு முகம் சுளித்திருந்தேன். வார நாட்களுக்கு ஓர் உடுப்பு. புதன்கிழமைக்கென்று வெள்ளை உடுப்பு, வெள்ளை ஷூ! எல்லாம் பள்ளி சொல்லும் கடையில்தான் வாங்க வேண்டும். எனக்கு அது முகச்சுளிப்போடு போயிற்று; அவளுக்கோ ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி. இந்தச் சீருடையால் நன்மைதானா என்று அப்போதுதான் யோசித்தேன்.

நன்மை இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. வீட்டிலிருந்து அவரவர் உடுத்தி வந்தால், பட்டுப்பாவாடையும் கிழிசல் பாவாடையும் ஒரே பெஞ்சில் உட்காரும். கிழிசல் பாவாடைக்காரி நாலு நாள் கழித்து வராமலே நின்றுவிடுவாள். காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1960-இல் ஏழைக் குழந்தைகளுக்கு இலவசச் சீருடை வந்ததன் கருத்து இதுதான். 1985-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்குச் சீருடை தரும் திட்டம் வந்தது. 2012-13 முதல் அவர்களுக்கு, எட்டாம் வகுப்பு வரை, ஆண்டுக்கு நான்கு ஜோடி என்று ஆயிற்று. அவற்றைத் தைப்பவர்களும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்த பெண்கள்தாம்.

நான்கு ஜோடி எதற்கு என்று கேட்கலாம். ஒரே ஜோடி உள்ள வீட்டை எண்ணிப் பாருங்கள். சாயங்காலம் பெண் வந்ததும் கழற்றித் துவைத்து, இரவெல்லாம் கொடியில் போட வேண்டும். சித்திரையில் காய்ந்துவிடும், ஐப்பசி அடைமழையில் காயுமா? ஈரச் சட்டையோடு போனால் ஜலதோஷம். வேறு சட்டையில் போனால் வாசலிலேயே தண்டனை. "இன்னிக்கு வேணாம், வீட்டிலேயே இரு" என்று தாய் சொல்லிவிடுகிறாள். ஒழுங்குக்காக ஏற்பட்ட சட்டையே குழந்தையை வீட்டில் நிறுத்திவிடுகிறது!

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. கென்யா நாட்டில் 2003-இல் ஆரம்பப் பள்ளிச் சம்பளம் நீங்கிய பிறகும் சீருடைச் செலவு பெற்றோர் தலையில்தான் இருந்தது. அந்நாட்டில் குலுக்கல் முறையில் சில ஏழைக் குழந்தைகளுக்கு இலவசச் சீருடை கொடுத்து ஆராய்ந்தார்கள். சீருடை பெற்றவர்கள் பள்ளிக்கு வராத நாட்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. ஆனால் பல ஆண்டு கழித்துப் பார்த்தபோது, எத்தனை வகுப்பு படித்தார்கள் என்பதில் வித்தியாசம் தெரியவில்லை. சீருடை பள்ளி வாசல் வரை கொண்டுவிடும்; படிப்பைத் தருவது அதற்குப் பின்னே உள்ள விஷயங்கள்.

ஒழுக்கமும் அப்படித்தான். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் 1994-இல் சீருடையைக் கட்டாயமாக்கி, குற்றங்கள் குறைந்தன என்று மகிழ்ந்தார்கள். அதே சமயத்தில் வேறு சீர்திருத்தங்களும் நடந்ததால், பெருமை சட்டைக்கா மற்றவற்றுக்கா என்று சொல்ல முடியவில்லை. 1998-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, சீருடையால் வருகையோ நடத்தையோ மாறியதற்குச் சான்று இல்லை என்றது.

ஏழை, பணக்காரர் வித்தியாசமாவது முழுக்க மறைகிறதா? அதுவும் இல்லை. வளரும் பெண்ணுக்கு அடிமடிப்பை இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டுத் தைக்கிறோம். அடுத்த வருஷம் மடிப்பைப் பிரித்தால், வெளுத்துப்போன துணியின் அடியில் பழைய நிறம் பட்டையாகத் தெரியும். கூடப் படிக்கும் பெண்களின் கண்ணுக்கு அந்தப் பட்டை தப்புமா?

ஆகவே, சீருடையே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. எங்கும் கிடைக்கும் துணியாக, ஒரே விதமாக இருக்கட்டும். புதன்கிழமைக்குத் தனி உடுப்பு வேண்டாம். எட்டாம் வகுப்போடு நிற்கும் உதவி பள்ளிப் படிப்பு முடியும் வரை தொடரட்டும். சட்டை காயாத குழந்தையைத் தண்டிக்குமுன் ஆசிரியை காரணம் கேட்கட்டும்.

முன்பணம் கொடுத்தேன். பத்து நாள் கழித்து அந்தப் பெண் புதுச் சுடிதாரில் வந்து நின்றாள். அடிமடிப்பைத் தொட்டுப் பார்த்தேன். மூன்று அங்குலம் இருந்தது.

"அடுத்த வருஷத்துக்கும் இதேதாம்மா!" என்றாள் தாய், சிரித்துக்கொண்டே.