விதைப் பாக்கெட்டின் நான்கு வரிகள்

மாடித்தோட்டத்துக்கு விதை விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஆனால் பல பாக்கெட்டுகளில் 'வெண்டை' என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. வாங்குபவருக்குப் பயன்பட அதில் நான்கு விவரங்கள் வேண்டும். சிவப்பு வெண்டை விதையை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

முதலில் பயிரும் ரகமும். நாட்டு ரகமா, வீரிய ஒட்டு ரகமா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஒட்டு ரகத்துச் செடியிலிருந்து விதை எடுத்து விதைத்தால் தாய்ச்செடியைப் போலவே காய்க்கும் என்று சொல்ல முடியாது. சிவப்பு வெண்டையைச் சமைத்தால் அதன் நிறம் பச்சையாக மாறிவிடும். இதையும் ஒரு வரியில் சொல்லிவிட்டால், வேறு விதை தந்துவிட்டார்கள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

அடுத்தது முளைப்புத்திறன். இதை ஊகித்து எழுதக் கூடாது. விதைகளை நன்றாகக் கலந்து, பருமனானதாகப் பொறுக்காமல், கைக்கு வந்தபடி 100 விதைகளை எண்ணி எடுங்கள். ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி, துணி காயாமல் நிழலில் வையுங்கள். நான்காம் நாளிலிருந்தே முளை தெரியும். கடினத் தோலுள்ள சில விதைகள் தாமதமாக முளைக்கும் என்பதால் மூன்று வாரம் வரை பொறுத்திருங்கள். வேரும் தண்டும் ஒழுங்காக வளர்ந்தவற்றை மட்டும் கணக்கில் சேருங்கள். பூஞ்சை பிடித்து அழுகியவற்றை விட்டுவிடுங்கள். 78 தேறினால் 78 விழுக்காடு. சான்று பெற்ற வெண்டை விதைக்கு அரசு வைத்திருக்கும் குறைந்த அளவு 65. விதை பழையதாக ஆக முளைப்புத்திறன் குறையும். அதனால் சோதித்த மாதத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்த எண்ணுக்குப் பொருளில்லை.

மூன்றாவது, விதைக்கும் பட்டம். 'ஆண்டு முழுவதும்' என்று போடுவது எளிது, ஆனால் சரியல்ல. வெண்டைக்கு மண்ணில் சூடு வேண்டும். குளிர்ந்த மண்ணில் முளைப்பு மந்தமாகி, விதை அழுகவும் கூடும். தமிழகச் சமவெளிக்கு ஆடிப் பட்டமும் மாசியும் பொருந்தும். எந்தப் பகுதிக்கான பட்டம் என்பதையும் எழுதினால், மலைப்பகுதியில் இருப்பவர் ஏமாற மாட்டார்.

கடைசியாக எண்ணிக்கை. '2 கிராம்' என்றால் எத்தனை செடி வரும் என்று வீட்டுத்தோட்டக்காரருக்குப் புரியாது. அதற்காக ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 100 விதையை ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். அது 6 கிராம் இருந்தால், 30 விதைக்கு 1.8 கிராம். விதைகள் ஒரே பருமனாக இராது என்பதால் 2 கிராம் போட்டு, 'குறைந்தது 30' என்று எழுதலாம்.

எல்லாம் சேர்ந்தால் இப்படி அமையும்:

பயிர், ரகம்: வெண்டை, சிவப்பு (நாட்டு ரகம்). சமைத்தால் பச்சையாகும்.
முளைப்புத்திறன்: 78% (சோதித்தது மே 2025)
பட்டம்: ஆடி, மாசி (தமிழகச் சமவெளி)
விதைகள்: குறைந்தது 30

இதைப் படிப்பவர், 30 விதையில் ஏறத்தாழ 23 முளைக்கும் என்று கணக்கிட்டுக்கொள்வார். துணியில் முளைத்ததெல்லாம் மண்ணில் முளைக்காது. அதிலும் சில குறையும். ஆகவே 10 செடி வேண்டுமென்றால் 15 விதை ஊன்றுவார். மீதியை அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைப்பார்.