மூன்று டிக்கெட்டுகள், ஒரு முடிச்சு

தொழிற்பயிற்சிக்காக ஒரு நிறுவனத்தின் கணினிச் சேவை முகப்பில் ஆறு மாதம் அமர்ந்திருந்தேன். தொலைபேசி அழைப்பு வந்தால் டிக்கெட் திறப்பதும், சரியானதும் மூடுவதும்தான் வேலை. மூன்று வாரத்தில் நான் மூடிய டிக்கெட்டுகளைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை எப்படி உடைந்தது என்பதே இக்கட்டுரை.

1980களில் பிரிட்டன் அரசு அலுவலகங்களுக்காகத் தொகுக்கப்படத் தொடங்கிய ஐடில் என்னும் வழிகாட்டி, டிக்கெட்டுகளை வகைப்படுத்துகிறது. அவற்றுள் மூன்றை இங்குப் பார்ப்போம். சேவை தடைபட்டால் அது சம்பவம். உடனே சேவையை மீட்பதே அதன் நோக்கம். சம்பவங்களுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைத் தேடுவது சிக்கல். அமைப்பில் எதையாவது திருத்துவது மாற்றம். படிக்கும்போது எளிதாகத்தான் இருந்தது.

அந்நிறுவனத்தின் மூன்றாம் மாடியில் ஒரு பயிற்சி அறை. திங்கள்தோறும் புதிதாக 30 பேர் வருவார்கள். காலை ஒன்பது மணிக்கே, "வைஃபை கிடைக்கவில்லை" என்று ஐந்தாறு அழைப்புகள் வரும். நான் மேலே சென்று, சுவரிலுள்ள கம்பி இணைப்பில் மடிக்கணினியைச் செருகிவிட்டு, 'தீர்ந்தது' என்று டிக்கெட்டை மூடுவேன். மூன்று திங்களில் 17 டிக்கெட்டுகள். ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் 17 தனித்தீவுகள்.

நான் அண்ணன் என்று அழைக்கும் மூத்த தொழில்நுட்பர் பட்டியலைப் பார்த்தார். "தம்பி, நீ 17 பிரச்சினையைத் தீர்க்கவில்லை. ஒரே பிரச்சினையை 17 தடவை மறைத்திருக்கிறாய்," என்றார்.

அவர் ஒரு சிக்கல் டிக்கெட்டைத் திறந்து, சம்பவங்களை அதன்கீழ் இணைக்கச் சொன்னார். நான் 17ஐயும் இணைக்கப் போனேன்; தடுத்தார். அறிகுறி ஒன்றுபோல இருப்பதால் மட்டும் இணைக்கக் கூடாதாம். நல்ல வேளையாக, ஒவ்வொரு டிக்கெட்டிலும் ipconfig காட்டியதைக் குறித்து வைத்திருந்தேன். 16இல் முகவரி 169.254 என்று தொடங்கியது. அதாவது, கணினி முகவரி கேட்டும் யாரும் கொடுக்கவில்லை. ஒன்றில் மட்டும் Media disconnected என்றிருந்தது. அவர் தம் கணினியின் வைஃபையையே அணைத்து வைத்திருந்தார். அதை வெளியே விட்டோம்.

காரணம் கணக்கில் இருந்தது. முகவரி வழங்கும் சேவையகத்திடம் .50 முதல் .250 வரை 201 முகவரிகளே இருந்தன. ஊழியர்களின் கருவிகள் ஏறத்தாழ 100. பயிற்சிக்கு வருவோர் மடிக்கணினியும் கைப்பேசியுமாக 60. ஒரு முகவரியைக் கொடுத்தால் 8 நாள் திரும்ப வராது. ஆகவே வெள்ளியன்று போன குழுவின் 60 முகவரிகளும் திங்களன்று இன்னும் பிடியில் இருக்கும். மொத்தம் 220 தேவை; கையில் 201.

இப்போது மாற்ற டிக்கெட். தவணையை 8 மணி நேரமாகக் குறைப்பது, தொடக்கத்தை .10க்கு இறக்குவது. இது சிக்கலோடுதான் இணைக்கப்பட்டது, 16 சம்பவங்களோடு அல்ல. சம்பவம் சிக்கலைச் சுட்டும், சிக்கல் மாற்றத்தைச் சுட்டும். சங்கிலி அப்படித்தான் போக வேண்டும். சம்பவங்களைத் திறந்தே வைத்துக் காத்திருக்கவும் தேவையில்லை. சேவை மீண்டதும் அவை மூடப்படலாம். இணைப்பு மட்டும் நிலைத்திருக்க வேண்டும்.

அடுத்த திங்கள் ஓர் அழைப்பும் இல்லை. நான் சிக்கலை மூடப் போனேன். "இன்னும் இரண்டு திங்கள் பார்ப்போம்," என்றார் அண்ணன். மறுநாளே அதே மாடியில் இரண்டு அச்சுப்பொறிகள் இயங்கவில்லை. நான் புதிய சம்பவமாகத் திறந்து, கம்பியை மாற்றி, அரை நாளை வீணடித்தேன்.

பிறகுதான் அந்த மாடியில் அண்மையில் என்ன மாற்றம் நடந்தது என்று தேடினேன். அச்சுப்பொறிகளுக்கு .20 முதல் .40 வரை கைமுறையாக முகவரி கொடுத்திருந்தார்கள். இரவில் அவை அணைந்திருக்கும். காலையில் முந்தி வந்த மடிக்கணினி அந்த முகவரியைப் பெற்றுவிடும். பிறகு அச்சுப்பொறி விழித்தால் இருவருக்கும் ஒரே முகவரி, மோதல்.

இங்கேதான் நான் அறியாத இன்னோர் இணைப்பு இருந்தது: மாற்றத்தால் விளைந்த சம்பவம். 'இதனால் தீர்ந்தது' என்பதும் 'இதனால் விளைந்தது' என்பதும் எதிரெதிரானவை. இரண்டையும் வெறுமனே 'தொடர்புடையது' என்று பதிந்தால், எந்த மாற்றம் மருந்து, எது நோய் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.

இரண்டாவது மாற்றம் திறந்து, .20 முதல் .40 வரை வழங்காமல் விலக்கினோம். மீதம் 220, இனிமேல் தேவை 160தான். அதையும் அதே சிக்கலோடு இணைத்தோம். இரண்டு திங்கள் அமைதியாகக் கழிந்த பின்னரே சிக்கல் மூடப்பட்டது. மூடும் பொத்தானை அழுத்தியவன் நான்தான். அந்த ஒரு டிக்கெட், முன்பு நான் மூடிய 17ஐ விடக் கனமாக இருந்தது.