சூரியன் மறைவது எத்தனை மணிக்கு?

சிவகாசியில் காகித வியாபாரம் செய்யும் குஜராத்தி நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. ஸ்வேதாம்பர சமண மரபைச் சேர்ந்தவர். ஒரு செப்டம்பர் முதல் நாள் மாலை, திருத்தங்கலில் உள்ள என் வீட்டுக்கு அச்சிட்ட பஞ்சாங்கம் ஒன்றுடன் வந்தார். "சார், இதில் சூரிய அஸ்தமனம் 6.58 என்று போட்டிருக்கிறது. இங்கே அதற்குள் இருட்டிவிடுகிறதே! எதை நம்பித் தண்ணீர் குடிப்பது?" என்று கேட்டார். அஃது அகமதாபாத்துக்குக் கணித்த பஞ்சாங்கம்.

அவர் கவலைப்பட்டதற்குக் காரணம் உண்டு. ஆவணி, புரட்டாசி வாக்கில் வரும் பர்யூஷண நாட்களை ஸ்வேதாம்பரர்கள் எட்டு நாளும், திகம்பரர்கள் அதையடுத்துப் பத்து நாளும் கைக்கொள்வர். அந்நாட்களில் நோன்பு பலவிதம். ஒரே அமர்வில் ஒருவேளை மட்டும் உண்பது ஏகாசனம். எண்ணெய், நெய், பால், தயிர், இனிப்பு இவற்றை நீக்கி ஒருவேளை உண்பது ஆயம்பில். உணவே இல்லாதது உபவாசம். அதிலும் பகலில் காய்ச்சி ஆறிய நீர் மட்டும் அருந்துவோர் உண்டு. நீரும் தொடாதோர் உண்டு. எட்டு நாளும் தொடர்ந்து உபவாசம் இருப்பதற்கு அட்டாயி என்று பெயர். எந்த வகையானாலும் சூரியன் மறைந்தபின் உணவில்லை. நோன்பாளிக்கு நீரும் இல்லை. விளக்கொளிக்கு வரும் பூச்சிகள் அடுப்பிலும் உணவிலும் விழுந்து மடியும், இருளில் அவை கண்ணுக்கும் தெரியா என்பதே இவ்விதிக்குச் சொல்லப்படும் காரணம். வந்தவாசி, ஆரணிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்களிடமும் பொழுது சாயுமுன் உண்டுவிடும் இவ்வழக்கத்தைக் காணலாம்.

ஆக, நண்பரின் கேள்வி வானியல் கேள்விதான். கணக்கிட்டுப் பார்ப்போம்.

நம் கடிகாரங்கள் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகின்றன. திருத்தங்கல் ஏறக்குறைய 77.8 பாகையில் உள்ளது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆவதால், நமக்கு உச்சிப்பொழுது சுமார் 19 நிமிடம் தாமதித்து, 12.19க்கு வருகிறது. (செப்டம்பர் முதல் நாளில் சூரியக் கடிகாரத்துக்கும் நம் கடிகாரத்துக்கும் வேறு வேறுபாடு ஏதுமில்லை, கணக்குப் போடுவோருக்கு அது நல்ல நாள்!) அன்று நமது அட்சரேகையில் உச்சியிலிருந்து மறைவு வரை 6 மணி 9 நிமிடம் ஆகும். எனவே உதயம் காலை 6.10; மறைவு மாலை 6.28.

அகமதாபாத் நமக்கு மேற்கே 5¼ பாகை தள்ளியிருக்கிறது. அதனால் 21 நிமிடம் தாமதம். வடக்கே இருப்பதால் அந்தப் பருவத்தில் அங்கே பகலும் சற்று நீளம்; அதனால் இன்னும் 9 நிமிடம். மொத்தம் அரைமணி! அந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்து 6.50க்கு நீர் அருந்துபவர், இங்கே சூரியன் மறைந்து 22 நிமிடம் கழித்து அருந்துகிறார்.

"மறைவது" என்றால் என்ன என்பதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. வளிமண்டலம் ஒளியை வளைப்பதால், தொடுவானில் உள்ள சூரியன் அரைப் பாகைக்குச் சற்று மேலாகவே உயர்த்திக் காட்டப்படுகிறது. சூரிய வட்டத்தின் மேல்விளிம்பு நம் கண்ணுக்கு மறையும் வேளையில் அதன் மையம் தொடுவானுக்குக் கீழே 0.83 பாகை இறங்கியிருக்கும். நாம் கடைசியாகக் காண்பது உண்மையில் ஏற்கெனவே இறங்கிவிட்ட சூரியனைத்தான்! இதனால் கிடைக்கும் மூன்றரை நிமிடம் மேலே சொன்ன 6.28இல் சேர்ந்தே இருக்கிறது.

அப்படியானால் கணக்கு எதற்கு, கண்ணால் பார்த்தே முடிவு செய்யலாமே என்று கேட்கத் தோன்றும். நமக்கு மேற்கே மலைத்தொடர் நிற்கிறதே! மலை முகடு ஒரு பாகை உயரத்தில் தெரிந்தால், சூரியன் சுமார் 4 நிமிடம் முன்னதாகவே மறைந்துவிடும். நோன்பாளிக்கு அதனால் கெடுதலில்லை; முன்னதாக நிறுத்துவார், அவ்வளவுதான். மேகமூட்டமான நாளில் கண்ணை நம்ப முடியாது என்பதே பெரிய இடைஞ்சல்.

காலையிலும் ஒரு கணக்கு உண்டு. உதயத்துக்குப் பின் ஒரு முகூர்த்தம், அதாவது நாளில் முப்பதில் ஒரு பங்கான 48 நிமிடம், கழிந்த பிறகே வாய் நனைப்பர். நம் வழக்கில் அது இரண்டு நாழிகை. செப்டம்பர் முதல் நாள் மாலை 6.28க்கு உணவை நிறுத்தி, மறுநாள் முழுதும் உபவாசம் இருப்பவர், 3ஆம் தேதி காலை 6.58க்கு முடிக்கலாம். ஒருநாள் நோன்பு என்கிறோம். கடிகாரப்படி அது முப்பத்தாறரை மணி நேரம்! நீரும் விட்டவருக்கு, வியர்வை கொட்டும் நம் கரிசல் பூமியில் இதுதான் கடினமான பகுதி. உடல் உணவின்மையை விட நீரின்மையை விரைவில் உணரும். சிறுநீர் கருத்துக் குறைவதும் எழுந்தால் தலை சுற்றுவதும் அதன் அடையாளங்கள். இன்சுலின் போட்டுக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கக் கூடாது.

நண்பருக்கு 6.28 என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாளைக்கு ஒரு நிமிடம் வீதம் குறைத்துக்கொண்டே வரும்படியும் சொன்னேன். அப்போது மணி 6.20. அவர் ஒரு செம்பு வெந்நீர் கேட்டார். அதை ஆற்றுவதற்குள் என் மனைவி பட்ட அவசரம் தனிக்கதை.