“ஆம், தினமும் பேக்அப் எடுக்கிறோம்”: இந்தப் பதிலை எப்படி வாசிப்பது?

அக்கராயனில் ஒரு கூட்டுறவுச் சங்கம், அங்கத்தவர்களின் சேமிப்பு, கடன் கணக்குகளை இணையவழி மென்பொருளுக்கு மாற்றப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் தரும் நிறுவனத்துக்குப் பாதுகாப்பு வினாக்கொத்து ஒன்று அனுப்பப்படுகிறது. திரும்பி வரும் பதில்களில் முக்கால்வாசி “ஆம்”. கணினிப் பிரிவுக்குப் பொறுப்பான முகாமையாளர் அத்தனையையும் வாசிக்கமாட்டார். ஒரு பக்கச் சுருக்கம் கேட்பார். அந்தப் பக்கத்தில் “பெரும்பாலும் திருப்தி” என்று எழுதிவிட்டால், அதை நம்பிக் கையெழுத்துப் போடப்படும். பிறகு ஏதும் நடந்தால் தவிக்கப்போவது புத்தகத்தில் பணம் போட்டு வைத்தவர்கள்.

ஒரே ஒரு கேள்வியை எடுத்துப் பார்ப்போம். “பேக்அப் எடுக்கிறீர்களா?” பதில்: “ஆம், தினமும்.” இதில் மூன்று விஷயங்கள் இல்லை. பிரதி எங்கே இருக்கிறது, எத்தனை நாளுக்கு வைத்திருக்கிறார்கள், கடைசியாக எப்போது அதிலிருந்து மீட்டெடுத்துப் பார்த்தார்கள்.

இது வீண் சந்தேகம் அல்ல. 2023 ஓகஸ்டில் இலங்கை அரச மேகக் கணினிச் சேவையின் மின்னஞ்சல்கள் கப்பம் கேட்கும் தீம்பொருளால் பூட்டப்பட்டன. gov.lk முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. சேவையைச் சில மணி நேரத்தில் மீட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போனவை போனவைதான். இணைப்பில் இருந்த பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன. அந்தக் காலத்துக்கு இணைப்பிலிருந்து பிரித்து வைத்த பிரதி இருக்கவில்லை. அங்கு ஓடிய மென்பொருள் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான மைக்ரோசொஃப்ட் ஆதரவு அந்த ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. அன்று யாரேனும் “பேக்அப் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டிருந்தால், “ஆம்” என்ற பதில் பொய்யாக இருந்திருக்காது.

ஆகவே நம் சங்கத்தின் சுருக்கத்தில் அந்த வரி இப்படி வரவேண்டும்: “பேக்அப் தினமும் எடுப்பதாகச் சொல்கிறார்கள். இணைப்பிலிருந்து பிரித்த பிரதி உண்டா என்று சொல்லவில்லை. மீட்டெடுத்துப் பார்த்த பதிவு தரவில்லை. தீம்பொருள் தாக்கினால் சேமிப்பு மீதிகளைக் காட்ட எங்களிடம் அச்சிட்ட பேரேடு மட்டுமே இருக்கும். அதுவும் கடைசி மாதாந்த அச்சு வரைக்கும்தான். கேட்கவேண்டியது: அண்மையில் செய்த மீட்புச் சோதனையின் திகதி, எடுத்த நேரம், விட்டுப்போன பதிவுகள்.”

இதில் “உயர் ஆபத்து” என்ற சொல்லே இல்லை. முகாமையாளருக்கு அது தேவையும் இல்லை. என்ன நடந்தால் யாருக்கு எது போகும் என்று தெரிந்தால் அவரே எடை போடுவார்.

“இல்லை” என்பதையும் “சொல்லவில்லை” என்பதையும் கலக்கவும் கூடாது. முதலாவதற்குப் பரிகாரம் வேண்டும். இரண்டாவதற்கு ஒரு கடிதம் போதும். இரண்டையும் ஒரே பட்டியலில் குறை என்று போட்டால், நல்ல நிறுவனமும் மோசமாகத் தெரியும், மோசமானது தப்பிவிடும்.

பதில்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும்போதுதான் பெரிய விஷயங்கள் வெளியே வரும். ஓரிடத்தில் “தரவை வேறு நிறுவனங்களுக்குத் தருவதில்லை” என்றிருக்கும். இன்னோரிடத்தில், கடன் தவணைக் குறுஞ்செய்தி வெளி நிறுவனம் ஒன்றின் மூலம் போகிறது என்றிருக்கும். அப்படியானால் அங்கத்தவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் நிலுவைத் தொகையும் மூன்றாவது கைக்குப் போகின்றன. அதேபோல “ஐ.எஸ்.ஓ. 27001 சான்று உண்டு” என்றால் சான்றிதழின் பிரதியைக் கேட்டு, அது யாருடைய பெயரில், எந்த வேலைக்கு வழங்கப்பட்டது என்று பாருங்கள். பல தடவை அது சேவையகம் வைக்கப்பட்டிருக்கும் தரவு மையத்தின் சான்று. கட்டிடத்துக்குக் கிடைத்த சான்று மென்பொருளின் பூட்டைப் பற்றி எதுவும் சொல்லாது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை வெளியாருக்குக் கொடுத்தாலும் பொறுப்பைச் சங்கத்தின் தலையிலிருந்து இறக்கிவிடவில்லை. தன் தரவைப் பார்க்கவும் பிழை இருந்தால் திருத்தக் கேட்கவும் அங்கத்தவருக்கு அது உரிமை தருகிறது. சட்டத்தின் பகுதிகள் நடைமுறைக்கு வரும் திகதிகள் தள்ளிப்போயிருக்கின்றன. ஒப்பந்தம் எழுத அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

கேட்டவை வராவிட்டால் கையெழுத்தைப் பிற்போடலாம். வந்த பதில்கள் எல்லாம் ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேரவேண்டும்; வினாக்கொத்தில் மட்டும் இருக்கும் “ஆம்”ஐ வைத்து நாளை வழக்காடுவது கடினம். “சம்பவம் நடந்தால் உரிய நேரத்தில் அறிவிப்போம்” என்ற வரியை மணிக்கணக்கில் மாற்றி எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தம் முடியும் நாளில் கணக்குகளை எந்த வடிவில் திருப்பித் தருவார்கள், தங்களிடம் உள்ள பிரதிகளை எப்போது அழிப்பார்கள் என்பதும் அதில் இருக்கட்டும். சம்பவம் நடந்துவிட்டால் இலங்கை சேர்ட் அமைப்பை 101 இலக்கத்தில் அழைக்கலாம். அதற்கு முன் பாதிக்கப்பட்ட கணினியை வலையமைப்பிலிருந்து கழற்றுங்கள். அதிலுள்ள எதையும் அழிக்கவேண்டாம்.