நிர்வாகிக்கும் கிடைக்காத அனுமதி

அமேசான் கிளவுடில் நிர்வாகியின் கடவுச்சொல்லைத் திருடியவன் தடயத்தை மறைக்க, யார் என்ன செய்தார் என்று குறித்துவைக்கும் கிளவுட்டிரெயில் பதிவை நிறுத்தப் பார்ப்பான். நிறுவனத்தின் தலைமைக் கணக்கிலிருந்து `cloudtrail:StopLogging` என்ற செயலுக்குத் தடை போட்டிருந்தால், கீழுள்ள கணக்குகளில் முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனருக்கும் அனுமதி மறுப்பே பதிலாக வரும். அந்த முயற்சியும் பதிவாகிவிடும்.

மும்பையைத் தவிர வேறு பிராந்தியத்தில் சர்வர் தொடங்கக் கூடாது என்றும் தடுக்கலாம். ஆனால் பயனர் அனுமதிகளைக் கவனிக்கும் ஐஏஎம் போன்ற பொதுச் சேவைகள் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து இயங்குபவை. அவற்றுக்கு விலக்கு தராவிட்டால் அன்றாட வேலையே முடங்கும்.

இந்தத் தடை எதுவும் தலைமைக் கணக்கைக் கட்டுப்படுத்தாது. அதனால் அங்கே எந்த சர்வரையும் ஓட்டக் கூடாது; அதன் சாவி மிகச் சிலரிடமே இருக்க வேண்டும்.