எழுத்தால் எவ்வளவு, எண்ணால் எவ்வளவு

கல்யாண மண்டபத்தில் தரும் ரசீதில் தொகை இரண்டு இடத்தில் இருக்கும். நடுவில் ‘எழுத்தால் ரூபாய்’ என்று அச்சிட்ட கோட்டின் மேல் ஒன்று, கீழே இடது மூலையில் ‘ரூ.’ போட்ட கட்டத்துக்குள் இன்னொன்று. கட்டத்தில் உள்ளதைப் பார்த்துவிட்டு ரசீதை மடித்து வைத்துக்கொள்வதுதான் பெரும்பாலோர் வழக்கம். எழுத்தில் உள்ளதை எண்ணாக மாற்றி, கட்டத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அதற்குத் தமிழ் எண்ணுப்பெயர்கள் சேரும் முறை தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் கவனிக்க வேண்டியது சொல்லின் முடிவு. நூறு, ஆயிரம், லட்சம் என்று சொல் அப்படியே நின்றால் தொகை அங்கே முடிகிறது. நூற்று, ஆயிரத்து, லட்சத்து என்று திரிந்து நின்றால் பின்னால் இன்னும் ஏதோ கூட்ட வேண்டியிருக்கிறது. இருபது, ‘இருபத்து’ ஆவதும் இதே முறைதான். ‘நூற்றி’ என்று பேச்சுவழக்கில் எழுதியிருந்தாலும் மதிப்பு மாறாது. ஒரு ரசீதில் ‘இரண்டாயிரத்து மட்டும்’ என்று இருந்தால், எழுதியவர் நடுவில் ஏதோ ஒரு சொல்லை விட்டுவிட்டார் என்று உடனே சொல்லிவிடலாம்.

சிறிய எண் முன்னால் வந்து பெரிய எண்ணோடு ஒட்டினால் பெருக்கல். திரிந்த பெரிய எண்ணுக்குப் பின் சிறிய எண் வந்தால் கூட்டல். பன்னிரண்டாயிரம் என்பது 12,000. ஆயிரத்துப் பன்னிரண்டு என்பது 1,012. இருபத்தைந்தாயிரம் என்ற ஒரே சொல்லில் இரண்டும் நடக்கின்றன: இருபதோடு ஐந்து கூடி, வந்த இருபத்தைந்து ஆயிரத்தைப் பெருக்குகிறது.

இனி எண்ணாக மாற்றுவது. ஒரு துண்டுத் தாளில் நான்கு அறைகள் போட்டுக்கொண்டால் தடுமாற்றம் இருக்காது. இடமிருந்து லட்சத்துக்கு ஓர் அறை, ஆயிரத்துக்கு ஓர் அறை, நூறுக்கு ஓர் அறை, மீதிக்கு ஓர் அறை. நூறின் அறையில் ஓர் இலக்கம்தான் நிற்கும். ஆயிரத்தின் அறையிலும் கடைசி அறையிலும் இரண்டிரண்டு இலக்கம். ‘ஒரு லட்சத்து மூவாயிரத்து ஏழு’ என்பதை இப்படிப் பிரித்தால் லட்சத்தில் 1, ஆயிரத்தில் 03, நூறில் 0, கடைசியில் 07. சேர்த்து எழுதினால் 1,03,007.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். எழுத்தில் சுழியத்துக்குச் சொல் கிடையாது. இல்லாத இடத்தை யாரும் வாயால் சொல்வதில்லை. எண்ணிலோ அந்த இடத்தைச் சுழியம் போட்டு நிரப்பியே ஆக வேண்டும். சில சுழியங்களை விட்டுவிட்டு எழுதினால் 1,03,007 என்பது 1,307 என்றோ 13,007 என்றோ ஆகிவிடும். பைசாவிலும் இதே சிக்கல் உண்டு. ஐந்து பைசா என்பது .05, ஐம்பது பைசாதான்.50. காலியான அறையைக் கண்ணால் பார்த்துச் சுழியம் போடுவதற்காகத்தான் இந்த நான்கு அறைகள்.

அடுத்த சறுக்கல், ஒலியால் நெருங்கிய சொற்கள். நாற்பதும் நானூறும், எண்பதும் எண்ணூறும் வேகமாகப் படிக்கும்போது ஒன்றுக்கொன்று மாறிப்போகும். ஒன்பதின் வரிசை இன்னும் கடினமானது. எழுபது, எண்பது என்று ‘பது’ போட்டு வந்த பெயர்கள் அடுத்த படியில் ‘நூறு’ என்று முடியும் ஒரு சொல்லுக்குத் தாவுகின்றன: தொண்ணூறு. ஆனால் அதன் மதிப்பு 90. அதே போல எழுநூறு, எண்ணூறு என்று வந்த வரிசை தொள்ளாயிரத்தில் ‘ஆயிரம்’ என்று முடிகிறது, மதிப்பு 900. உண்மையான ஒன்பது ஆயிரத்துக்குப் பெயர் ஒன்பதாயிரம். ஒன்பது வரும் இடத்தில் மட்டும் பெயர் ஒரு படி மேலே போய் நிற்கிறது. இது இன்று நேற்று வந்ததல்ல. தொல்காப்பியமும் நன்னூலும் இந்தச் சொற்களின் புணர்ச்சிக்குத் தனி விதி சொல்லியிருக்கின்றன. ரசீதில் தொண்ணூறோ தொள்ளாயிரமோ கண்ணில் பட்டால், அந்த இடத்தை இரண்டாம் முறை படிப்பது நல்லது.

ஓர் எடுத்துக்காட்டு. மண்டப ரசீதில் நான்கு வரிகள்: வாடகை 38,500, மின்கட்டணம் 4,940, துப்புரவு 2,500, பாத்திர வாடகை 3,150. எழுத்தால், ‘நாற்பத்தொன்பதாயிரத்துத் தொண்ணூறு மட்டும்’. கட்டத்தில் ரூ. 49,900.

எழுத்தை அறைகளில் இட்டால் லட்சத்தில் ஒன்றும் இல்லை, ஆயிரத்தில் 49, நூறில் 0, கடைசியில் 90. ஆக 49,090. கட்டத்தில் இருப்பதோ 49,900. வித்தியாசம் 810 ரூபாய்.

இந்த 810-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி இல்லாமல் 90 வருகிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறி விழுந்தால், வித்தியாசம் எப்போதும் 9-ஆல் மீதியின்றி வகுபடும். இந்த ரசீதில் நூறின் இடத்துச் சுழியமும் பத்தின் இடத்து 9-ம் இடம் மாறியிருக்கின்றன. தொண்ணூறு என்று எழுதிய கை, அதில் உள்ள ‘நூறு’ என்ற ஒலியைப் பின்பற்றி 9-ஐ நூறின் இடத்தில் வைத்திருக்கக்கூடும். ஒன்பதால் வகுபடுவது துப்பு மட்டுமே, தீர்ப்பல்ல. வேறு காரணத்தாலும் வித்தியாசம் அப்படி அமையலாம். வகுபடவில்லை என்றால் இடமாற்றம் மட்டும் நடக்கவில்லை என்பது உறுதி. அப்போது ஏதாவது ஓர் இலக்கம் தவறாக எழுதப்பட்டிருக்கிறதா, ஒரு வரி விடுபட்டிருக்கிறதா என்று தேட வேண்டும்.

எழுத்து சரியா, எண் சரியா என்பதை ஒப்பீடு சொல்லாது. இரண்டும் ஒன்றல்ல என்பதை மட்டுமே சொல்லும். தீர்மானிக்க வரிகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும். 38,500-உம் 4,940-உம் 43,440. அதோடு 2,500 சேர்ந்தால் 45,940. 3,150 சேர்ந்தால் 49,090. எழுத்தில் இருப்பதே சரி. எழுத்தும் எண்ணும் ஒத்துப்போனாலும் இந்தக் கூட்டலைச் செய்யாமல் விடக்கூடாது. கூட்டல் முதலிலேயே தப்பாக இருந்தால், அந்தத் தப்பான தொகையே இரண்டு இடத்திலும் அழகாக ஒத்துப்போய் நிற்கும். பைசாவை ரூபாய்க்கு முழுதாக்கிய பில்லாக இருந்தால், முழுதாக்கிய பிறகு வரும் கடைசித் தொகையோடுதான் எழுத்தை ஒப்பிட வேண்டும்.

காசோலையில் இப்படி முரண்பட்டால் எழுத்தில் உள்ள தொகையே தொகை என்கிறது 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 18-ஆம் பிரிவில். எண்ணில் ஒரு சுழியத்தைச் சேர்ப்பது எளிது, சொல்லை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. ஆனால் சொல்லுக்கு முன்னால் இடம் விட்டால் அதுவும் ஆபத்துதான். ‘நானூறு’ என்பதற்கு முன் வெற்றிடம் இருந்தால் ‘ஆயிரத்து’ என்ற சொல் சுலபமாக அங்கே நுழைந்துவிடும். கட்டத்தில் 400-க்கு முன் ஒரு 1 போட்டால் இரண்டும் பொருந்தியும்விடும். அதனால் எழுத்துத் தொகை ‘ரூபாய்’ என்ற சொல்லை ஒட்டியே தொடங்க வேண்டும், ‘மட்டும்’ என்று முடிய வேண்டும், மீதிக் கோட்டில் ஒரு கோடு இழுக்கப்பட வேண்டும்.

சாதாரண ரசீது அந்தச் சட்டத்தின் கீழ் வராது. எழுத்தே செல்லும் என்று வாதாடுவதைவிட வேறு ரசீது கேட்பதே நல்லது. அடித்துத் திருத்திய ரசீதை வாங்கிக்கொள்ளாதீர்கள். பழையதன் மேல் ‘ரத்து’ என்று எழுதி, அதைப் புத்தகத்தின் அடிக்கட்டையோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். புதிய ரசீது எழுதும்போது அதன் அடிக்கட்டையிலும் அதே தொகை விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு இடத்தை விட்டுக் கிளம்புங்கள்.